தடையும் விடையும்: இறையியல் வைவா வந்த வழி

இறையியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வைவாவுக்குத் தயாராகிறார்கள். ஏட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கிறார்கள், பக்க ஓரங்களில் வண்ணத் தாள் ஒட்டுகிறார்கள், புறத்தேர்வாளர் எப்படிப்பட்டவர் என்று நெறியாளரிடம் விசாரிக்கிறார்கள். எழுதியதுதான் தேர்வு, பேசுவது அதன் வாலில் ஒட்டிய சடங்கு என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. இந்தத் தேர்வின் வரலாற்றைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸில் இறையியல் ஆசிரியராக விரும்பியவர் ஒரு கூட்டத்தின் நடுவே நின்று பேசித்தான் தேற வேண்டும். அந்தப் பேச்சை யாரோ குறித்து வைத்தார்கள். குறிப்பு வளர்ந்து ஏடாகிப் பிறகு ஏடே தேர்வாகிவிட்டது. வைவா என்பது அந்தப் பழைய கூட்டத்தில் மிஞ்சி நிற்கும் பகுதி. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தவருக்கு இன்றைய தேர்வாளரின் கேள்வியை எப்படிக் கையில் வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே தொடங்கியது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஐரோப்பியர் வழக்கமாகக் காட்டும் ஆள் பியேர் அபெலார். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தொகுத்த 'சிக் எத் நோன்' என்ற நூலில் 158 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் 'ஆம்' என்று சொல்லும் திருச்சபைத் தந்தையரையும் 'இல்லை' என்று சொல்லும் தந்தையரையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு, விடை சொல்லாமல் விட்டுவிட்டார். மாணவனே மோதிப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம்.

ஜார்ஜ் மக்தீசி என்ற வரலாற்றாசிரியர் 1981இல் வேறொரு திசையைக் காட்டினார். பாக்தாதின் சட்டக் கல்லூரிகளான மதரசாக்களில் இதற்கு முன்பே எதிரெதிர்த் தீர்ப்புகளைத் தொகுக்கும் பழக்கமும், முனாசரா எனப்படும் முறைப்படியான விவாதமும், கற்பிக்கும் உரிமையை ஆசிரியரே வழங்கும் வழக்கமும் இருந்தன, ஐரோப்பா அங்கிருந்து எடுத்துக்கொண்டது என்றார். 2012இல் கிறிஸ்டோபர் பெக்வித் இன்னும் கிழக்கே போனார். மறுப்புக்கு மறுப்பு என்று அடுக்கிச் செல்லும் முறை மத்திய ஆசியாவின் பௌத்த விகாரங்களில் பிறந்து, பட்டுப் பாதை ஊர்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது மதரசாவுக்குள் நுழைந்தது என்பது அவர் வாதம். இரண்டையும் ஏற்காதவர்கள் உண்டு. வடிவங்கள் ஒத்திருப்பது மட்டுமே கடன் வாங்கியதற்குச் சான்றாகாது என்ற அவர்கள் எச்சரிக்கை எனக்கும் நியாயமாகவே படுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த ஒப்புமை புதிதல்ல. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதியபோது, பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் சொல்லி மறுத்த பிறகே தம் கொள்கையைச் சுபக்கத்தில் வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் தாமஸ் அக்குவைனாஸ் ஒவ்வொரு கேள்வியையும் எதிராளியின் வாதத்திலிருந்துதான் தொடங்கினார். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

பாரிஸுக்குப் போவோம். 1215இல் பல்கலைக்கழகத்துக்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி 35 வயது நிரம்பாதவர் அங்கே இறையியல் ஆசிரியராக முடியாது. அக்குவைனாஸ் 1256இல் ஆசிரியரானபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அவருக்காக விதி தளர்த்தப்பட்டது. துறவற சபையினர் பல்கலைக்கழகத்தில் இடம்பிடிப்பதைப் பிற ஆசிரியர்கள் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த எதிர்ப்புக்கு நடுவே அவர் நடத்திய விவாதங்கள்தான் 'உண்மையைப் பற்றி' என்ற தொகுப்பு. அதில் 253 உட்பிரிவுகள் இருக்கின்றன. சிலவற்றில் மறுப்புகள் மட்டும் இருபதை நெருங்கும்.

ஒரு விவாதம் நடந்த முறையை வரலாற்றாசிரியர்கள் இப்படி விவரிக்கிறார்கள். ஆசிரியர் கேள்வியை முன்கூட்டியே அறிவிப்பார். முதல் நாள் அவையில் மற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் மறுப்புகளை எழுப்புவார்கள். அவற்றுக்கு விடை சொல்பவர் ஆசிரியரல்ல, அவரிடம் பயிலும் மூத்த மாணவர். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், தேவைப்பட்டால் கைகொடுப்பார். இன்னொரு நாள் ஆசிரியர் எழுந்து, சிதறிக் கிடந்த மறுப்புகளை வரிசைப்படுத்தித் தம் முடிவைச் சொல்லி, ஒவ்வொரு மறுப்பாக எடுத்து விடை தருவார். நமக்கு இன்று நூலாகக் கிடைப்பது இந்த இரண்டாம் நாளின் பதிவு. வைவாவில் நிற்பவரின் மூதாதை, முதல் நாள் நின்ற அந்த மாணவர்.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நடக்கும் திறந்த விவாதத்தில் யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். பல ஆசிரியர்கள் அதன் பக்கமே போவதில்லை.

இந்த முறையின் உயிர்நாடியைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். 'சும்மா தெயோலோகியே' என்ற பெருநூலின் முதல் பகுதியில், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை அக்குவைனாஸ் எழுப்புகிறார். முதலில் வருவது எதிர்ப்பக்கம். ஒன்றுக்கொன்று முரணான இரண்டில் ஒன்று எல்லையற்றதாக இருந்தால் மற்றது அடியோடு அழிந்துபோகும். கடவுள் என்றால் எல்லையற்ற நன்மை. ஆகவே கடவுள் இருந்தால் தீமை இருக்கக் கூடாது. தீமையோ உலகில் இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை. கடவுள் மறுப்பாளர் ஒருவரே இதைவிடக் கச்சிதமாகச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

இதற்கு அவர் விடை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தீமை உண்மையில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கடவுளின் நன்மை எல்லைக்குட்பட்டது என்றும் சொல்லவில்லை. தீமை இருப்பதையும் அந்த நன்மை எல்லையற்றது என்பதையும் ஒப்புக்கொண்டு, எல்லையற்ற நன்மை தீமையைத் தோன்றவிடாமல் அழித்தே தீரும் என்ற இணைப்பில் மட்டும் கைவைக்கிறார். தீமையை அனுமதித்து அதிலிருந்தும் நன்மையைப் பிறப்பிப்பது அந்த நன்மையின் எல்லையின்மைக்கே அடையாளம் என்று அகுஸ்தீனைத் துணைக்கு அழைக்கிறார். இந்த விடை நமக்குப் போதுமா என்பது வேறு விஷயம், எனக்கு அது முழு நிறைவு தருவதில்லை. ஆனால் மறுப்பின் எந்தக் கண்ணியைத் தொடுகிறோம், எவற்றைத் தொடாமல் விடுகிறோம் என்பதில் அவருக்கு மயக்கமே இல்லை.

பின்வந்த பள்ளிகள் இதை மூன்று வினைகளாகச் சுருக்கி மாணவர்களுக்குப் பழக்கின. எதிராளி வைக்கும் ஒவ்வொரு கூற்றையும் பற்றி 'ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்', 'பிரித்துச் சொல்கிறேன்' என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் எதிராளியின் வாதத்தை விடையளிப்பவர் தம் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வினைதான் மிகவும் வலுவானது. ஒரு சொல் இரண்டு பொருளில் புழங்கும்போது, ஒரு பொருளில் எதிராளி சொல்வது சரி, இன்னொரு பொருளில் சரியல்ல, என் வாதம் இரண்டாவதைப் பற்றியது என்று அது காட்டும். 1599இல் இயேசு சபை தன் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே கல்வித் திட்டத்தை வகுத்தபோது இந்தப் பயிற்சியும் அதில் சேர்ந்து, கப்பலேறி உலகைச் சுற்றியது.

அதற்குள் ஜெர்மனியில் ஒரு பெரும் விபத்து நடந்துவிட்டது. 1517 செப்டம்பர் 4 அன்று விட்டன்பர்கில் ஃபிரான்ஸ் குந்தர் என்ற மாணவர் விவிலியப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் நின்றார். அவர் காத்து நின்ற 97 கருத்துரைகளை எழுதியவர் அவருடைய ஆசிரியர் மார்ட்டின் லூதர். பள்ளி இறையியலையே தாக்கிய கருத்துரைகள் அவை. ஆனால் வெளியே பெரிய சலசலப்பு எழவில்லை. எட்டு வாரம் கழித்து அதே லூதர் பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றி 95 கருத்துரைகளை எழுதினார். வடிவத்தில் அவையும் ஒரு விவாதத்துக்கான அழைப்புதான். அந்த விவாதம் விட்டன்பர்கில் நடக்கவே இல்லை. அச்சகக்காரர்கள் தாளைப் பிடித்துக்கொண்டார்கள், ஊர் ஊராகப் போயிற்று. வகுப்பறைக்கான தேர்வுத்தாள் ஒன்று ஐரோப்பாவைப் பிளந்தது இப்படித்தான்.

இரண்டு ஆண்டு கழித்து 1519 கோடையில் லைப்சிக் நகரக் கோட்டையில், சாக்சனியின் கோமகன் ஜார்ஜ் முன்னிலையில், லூதர் தரப்பும் இங்கோல்ஸ்டாட் பேராசிரியர் யோஹான் எக்கும் மோதினார்கள். வைவாவுக்குத் தயாராகும் ஒருவர் படிக்க வேண்டிய வரலாறு ஏதாவது இருக்கிறது என்றால் அது இதுதான். முதலில் இறங்கியவர் லூதரின் சக ஆசிரியர் கார்ல்ஷ்டாட். கற்றவர், ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மேற்கோள் படிப்பவர். எக்கோ நினைவாற்றலில் பெயர்போனவர். புத்தகத்திலிருந்து வாசிப்பது விவாதமல்ல என்று எக் ஆட்சேபித்தார், ஆட்சேபம் ஏற்கப்பட்டது. அதன்பின் கார்ல்ஷ்டாட்டின் வேகம் குறைந்துவிட்டது.

ஜூலை 4 அன்று லூதர் வந்தார். போப்பின் தலைமை தெய்வீக ஏற்பாடா என்பது கேள்வி. எக் நேராகத் தாக்கவில்லை. நீங்கள் சொல்வது 1415இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் கண்டித்து எரித்த யான் ஹஸ் சொன்னதுதானே என்று கேட்டார். லூதர் முதலில் சினந்து மறுத்தார். இடைவேளையில் அந்தச் சங்கத்தின் பதிவுகளைப் படித்துவிட்டு வந்து, ஹஸின் கூற்றுகளில் பல உண்மையான கிறிஸ்தவக் கூற்றுகளே என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் பொதுச்சங்கம் தவறியது என்கிறீர்களா என்று எக் கயிற்றை இறுக்கினார். லூதர் அந்த இடத்துக்கு வந்துதான் சேர்ந்தார். அவர் ஆய்ந்து வந்த கருத்து போப்பின் தலைமையைப் பற்றியது. அவையிலிருந்து இறங்கும்போது சங்கங்களும் தவறலாம் என்ற இன்னும் பெரிய கூற்றின் சுமை அவர் தோளில் இருந்தது. அதை அவர் பிறகு மனமுவந்து சுமந்தார், அது அவர் வீரம். எக்கின் உத்தி மட்டும் இன்றும் தேர்வறைகளில் உயிரோடு இருக்கிறது. ஏட்டில் உள்ளதைவிடப் பெரிய கூற்றுக்கு மாணவரைப் படிப்படியாக நகர்த்திச் சென்று, அங்கே வைத்துக் கேள்வி கேட்பது.

குந்தரின் கதையில் ஆசிரியர் எழுத, மாணவர் காத்தார் அல்லவா? அது விதிவிலக்கல்ல, வழக்கம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானிய, ஸ்காண்டிநேவியப் பல்கலைக்கழகங்களில் அச்சிட்ட ஆய்வுரையை எழுதியவர் பெரும்பாலும் தலைமை தாங்கும் பேராசிரியரே. தாவரவியலாளர் லின்னேயஸின் பெயரில் 186 மாணவர் ஆய்வுரைகள் உள்ளன, அவற்றின் கருத்துகள் பெரும்பாலும் அவருடையவை. மாணவரின் வேலை மேடையில் நின்று விடை சொல்வது. இன்றைய கண்ணுக்கு இது திருட்டு வேலை போலத் தெரியும். அக்காலத்தவர் சோதித்தது எழுத்தை அல்ல, நாவை. யார் எழுதியதாக இருந்தால் என்ன, மறுப்பு வரும்போது நிற்கிறானா என்று பார்த்தார்கள்.

இயேசு சபையின் கப்பல் ஒன்றில் இந்தக் கலை தமிழகத்துக்கும் வந்தது. ரோமில் பயின்று 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, பூணூலும் குடுமியும் மதம் மாறியவர்களுக்குத் தடையாகாது என்று வாதிட்டார். அவர் மேல் குற்றச்சாட்டுகள் எழுந்து 1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் மாநாடு கூடியது. அவர் முன்வைத்தது ஒரே ஒரு பிரிப்பு. ஒரு வழக்கம் சமயத்துக்கு உரியதா, சமுதாயத்துக்கு உரியதா? சமய அடையாளமானால் விலக்க வேண்டும், குலம், நாகரிகம் சார்ந்ததானால் விடலாம் என்றார். அவையில் பெரும்பான்மை அவருக்கு எதிராக இருந்தது. வழக்கு ரோமுக்குப் போய், 1623இல் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் சாய்ந்தார். தமிழில் அவர் எழுதிய 'தூஷண திக்காரம்' எதிர்ப்புகளுக்கு விடை சொல்லும் நூல். அவருடைய பிரிப்பு சாதி ஏற்றத்தாழ்வையும் 'சமுதாய வழக்கம்' என்ற பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரித்துச் சொல்வது வெற்றி தரும். எதைப் பிரிவின் எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு.

ஒல்லாந்தில் இந்த விவாதக் கலை சடங்காக உறைந்தது. லைடன் பல்கலைக்கழகத்தில் வேட்பாளர்கள் காத்திருக்கும் சிறு அறைக்கு 'வியர்வை அறை' என்றே பெயர். பட்டம் பெற்றவர்கள் அதன் சுவரில் கையெழுத்திடுகிறார்கள். விவாதம் முக்கால் மணி நேரம் நடக்கும். பிறகு கோல் ஏந்திய அவைக் காவலர் உள்ளே வந்து நேரமாகிவிட்டது என்று லத்தீனில் அறிவிப்பார். பேசுபவர் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் அதோடு முடிந்தது.

டென்மார்க்கில் சடங்காக உறையவில்லை. 1841 செப்டம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் சோரன் கீர்கேகார்ட் தம் ஆய்வுரையைக் காத்து நின்றார். இறையியல் தேர்வை முந்தைய ஆண்டு முடித்தவர், இந்தப் பட்டத்துக்குத் தத்துவத் துறைக்கு வந்திருந்தார். ஏட்டை டேனிஷ் மொழியில் எழுத அரசரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றிருந்தார். பேச்சு மட்டும் லத்தீனில்தான் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழரை மணி நேரம் நடந்தது. அதிகாரபூர்வ எதிர்ப்பாளர்கள் முடித்ததும் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுந்து கேள்வி தொடுத்தவர்களில் அவருடைய அண்ணன் பீட்டரும் ஒருவர். ஜெர்மனியில் மாணவராக இருந்தபோது 'வடக்கிலிருந்து வந்த விவாதப் பிசாசு' என்று பெயர் எடுத்தவர் அவர்.

இந்த டேனிஷ் அரச குலம்தான் இந்தியாவின் புரோட்டஸ்டண்ட் இறையியல் பட்டங்களுக்கும் ஊற்று. வங்காளத்தின் செராம்பூர் அப்போது தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ் குடியேற்றம். கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் அங்கே தொடங்கிய கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்து 1827இல் ஆறாம் ஃபிரெடரிக் அரசர் சாசனம் எழுதித் தந்தார். அந்த உரிமையை யாரும் பயன்படுத்தவில்லை. 1845இல் டென்மார்க் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றது. கல்லூரியின் உரிமை தொடரும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்ததால் சாசனம் சாகாமல் தூங்கியது. 1915இல்தான் முதல் இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டமன்றம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இன்று சென்னை குருகுலிலோ மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலோ ஒருவர் செராம்பூர்ப் பட்டம் வாங்கினால், ஓர் அரசர் எழுதிக் கொடுத்து எண்பத்தெட்டு ஆண்டு மறந்து கிடந்த தாளின் பேரில் வாங்குகிறார்.

முனைவர் பட்டம் என்ற வடிவம் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், முதல் உலகப் போரின் நடுவே 1917இல் ஆக்ஸ்ஃபோர்டில் நுழைந்தது. பிரிட்டனில் வைவா பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடக்கிறது. ஓர் அறை, உள்தேர்வாளர் ஒருவர், புறத்தேர்வாளர் ஒருவர், மாணவர், அவ்வளவுதான். நம் பல்கலைக்கழகங்களில் நடப்பது பொது வாய்மொழித் தேர்வு. துறையின் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் ஆர்வமுள்ளோரும் வந்து உட்காரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. பிரிட்டனிடமிருந்து பல்கலைக்கழகத்தை வாங்கிய நாம், இந்த ஒன்றில் பழைய பாரிஸுக்குத்தான் நெருக்கமாக இருக்கிறோம்.

இனி அந்தப் பாரிஸ் மாணவரின் கருவியை இன்றைய ஏடு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். ஒரு மாணவி, யூர்கன் மோல்ட்மானின் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற 1972ஆம் ஆண்டு நூலைத் தலித் இறையியலோடு சேர்த்துப் படித்து ஆய்வேடு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலுவையில் கடவுளே துன்புறுகிறார் என்பது மோல்ட்மானின் வாதம். தலித் இறையியலில் அர்விந்த் நிர்மல் முதலானோர் கடவுளை ஒடுக்கப்பட்டோரின் பக்கம் துன்புறும் ஊழியராகக் கண்டார்கள். முதல் வாதம் இரண்டாவதற்கு உதவும், ஆனால் தனித்துத் தாங்காது என்பது மாணவியின் முடிவு.

தயாரிப்பின் முதல் வேலை, ஒவ்வோர் இயலும் எதை நிறுவுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் தனித்தாளில் எழுதுவது. எழுத வரவில்லை என்றால் அந்த இயலில்தான் அடி விழும். அடுத்து, அந்த வாக்கியத்துக்கு எதிரான மிக வலுவான வாதத்தைப் படிப்படியாக, முடிவோடு எழுத வேண்டும். எளிதில் சாயும் மறுப்புகளை எழுதிப் பழகுவது வீண். நம் கொள்கையில் நம்பிக்கையில்லாத நண்பர் யாராவது அந்தத் தாளைப் பார்த்து, 'ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான்' என்று சொல்லும்வரை திருத்த வேண்டும். பிறகு அதே தாளில் எந்தக் கூற்றை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம், எதைப் பிரிக்கிறோம் என்று குறித்து, ஏட்டில் அதற்கான பக்க எண்ணையும் எழுதிவிட வேண்டும். கடைசியில் புத்தகத்தை மூடிவைத்து வாயால் சொல்ல வேண்டும். கார்ல்ஷ்டாட் தவறவிட்டது இந்தக் கடைசி வேலையைத்தான்.

மாணவிக்கு வரக்கூடிய முதல் மறுப்பு மிகப் பழையது. துன்புறுவது எதுவும் மாறுகிறது. கடவுள் மாறாதவர். ஆகவே கடவுள் துன்புறுவதில்லை. பழகாதவர் உடனே இரண்டாவது கூற்றில் பாய்ந்து, மாறாமை கிரேக்கத் தத்துவம், விவிலியம் அப்படிச் சொல்லவில்லை என்பார். அது ஒரு தனி ஆய்வேட்டுக்கான போர். அவர் ஏட்டில் அதற்கு ஆயுதம் இல்லை. முதல் கூற்றைப் பிரிப்பதே நல்லது. குறைபாட்டால், விரும்பாமல் நேரும் துன்பம் ஒருவரை மாற்றுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அன்பினால் தானே விரும்பித் தன்னைத் திறந்துகொள்ளும் துன்பம் குறைபாட்டைக் காட்டுகிறது என்பதை மறுக்கிறேன். மோல்ட்மானே இந்த வேறுபாட்டைச் செய்கிறார், என் இரண்டாம் இயல் அதன் மேல் நிற்கிறது.

கூர்மையான தேர்வாளர் இதோடு விடமாட்டார். விரும்பி ஏற்றாலும் மாற்றம் மாற்றம்தானே என்பார். இதுதான் லைப்சிக் தருணம். 'கடவுள் மாறுகிறார்' என்று சொல்லிவிட மாணவிக்குத் தோன்றும். சொன்னால் ஏட்டில் எங்கும் நிறுவாத ஒரு கூற்றைக் காக்க வேண்டிவரும். அவர் சொல்ல வேண்டியது தன் எல்லையை. கடவுளின் அன்பும் நோக்கமும் நிலையானவை என்பதற்கு மேல் என் ஏடு எதையும் கோரவில்லை, அவருடைய இருப்பின் தன்மை பற்றிய கேள்வி இதற்கு அப்பால் திறந்தே இருக்கிறது, அதை முன்னுரையில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முன்னுரையில் அப்படி ஒதுக்கி வைக்காதவருக்கு இந்த விடை கிடையாது. ஆகவே வைவாவுக்கான தயாரிப்பு முன்னுரை எழுதும் நாளிலேயே தொடங்குகிறது.

இரண்டாவது மறுப்பு கார்ல் ரானரின் திசையிலிருந்து வரும். கடவுளும் அதே இக்கட்டில் சிக்கிக்கொண்டால் சிக்கியவனை மீட்பது யார்? சேரியில் அடிவாங்கும் மனிதனுக்கு உடன் அடிவாங்கும் கடவுளால் என்ன ஆகப்போகிறது? இதற்கு ஒப்புக்கொள்வதுதான் வலிமை. சிலுவையை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் இந்த மறுப்பு நிற்கும். மோல்ட்மான் அப்படிப் படிக்கவில்லை. அவருடைய 'நம்பிக்கையின் இறையியல்' 1964இல் உயிர்த்தெழுதலில் தொடங்கியது, சிலுவை நூல் அதன் மறுபக்கமாக வந்தது. ஏட்டில் உயிர்த்தெழுதலுக்கு ஒரு பத்திதான் இருக்கிறது என்றால் அதையும் வாய்திறந்து ஒப்புக்கொண்டு, எங்கே விரிப்பேன் என்று சொல்லிவிட வேண்டும். இப்படி ஒப்புக்கொள்பவரைத் தேர்வாளர்கள் துரத்துவது அரிது. மழுப்புபவரை விடமாட்டார்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் கனமானது. மோல்ட்மான் போர்க்கைதியாக முகாமில் இருந்து, அவுஷ்விட்சுக்குப் பின் ஜெர்மானியராக எழுதியவர். தவறு செய்த இனத்தின் பிள்ளை கேட்கும் கேள்வியும் தவறிழைக்கப்பட்ட சாதியின் பிள்ளை கேட்கும் கேள்வியும் ஒன்றா? இங்கே பிரித்துத் தப்பிக்க வழியில்லை, மாணவி தப்பிக்க விரும்பவும் கூடாது. முதல் வாதம் தனித்துத் தாங்காது என்ற அவருடைய முடிவுக்கே காரணம் இதுதான். தேர்வாளர் மறுப்பாகக் கொண்டுவந்தது அவர் ஏட்டின் நடுத்தூண். அதை அடையாளம் கண்டு, 'ஐயா, இந்தக் கேள்விதான் நான்காம் இயல்' என்று சொல்ல, தன் ஏட்டை ஒற்றை வாக்கியங்களாக அறிந்தவரால் மட்டுமே முடியும்.

விடை தடம் மாறுவதை அப்போதே கண்டுகொள்ள இரண்டு அறிகுறிகள் உண்டு. 'மோல்ட்மான் சொல்கிறார்' என்று தொடங்கும் வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்து, 'நான் நிறுவியிருப்பது' என்று ஒன்றும் வராமல் போனால் மாணவி வேறொருவரின் ஏட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார். விடை கேள்வியைவிடப் பல மடங்கு நீண்டுகொண்டே போனால், மறுப்பின் எந்தக் கண்ணியைத் தொடுவது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். நிறுத்தி, 'நீங்கள் கேட்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரியா?' என்று மறுப்பைத் திருப்பிச் சொல்லலாம். அந்தப் பழைய பள்ளிகளில் அது கட்டாய விதி. அவையோர் முன் யோசிக்க நேரம் வாங்கித் தரும் ஒரே கண்ணியமான வழியும் அதுதான்.

தேர்வு முடிந்ததும் தேர்வாளர்கள் திருத்தப் பட்டியல் ஒன்று தருவார்கள். பலர் அதை எழுத்துப்பிழைப் பட்டியல் போல ஓரிரவில் முடித்துவிடுகிறார்கள். பாரிஸ் ஆசிரியர் இரண்டாம் நாள் செய்த வேலை இதுதான், முதல் நாள் எழுந்த மறுப்புகளை ஒழுங்குபடுத்தி விடையோடு ஏட்டில் ஏற்றுவது. வைவா அறையிலிருந்து வந்த அன்றே, நினைவு மங்குமுன், கேட்கப்பட்ட ஒவ்வொரு மறுப்பையும் தான் சொன்ன விடையையும், சொல்லத் தவறிய நல்ல விடையையும் மாணவி எழுதிவைக்க வேண்டும். உயிர்த்தெழுதலுக்கு இருந்த ஒரு பத்தி அதிலிருந்துதான் ஓர் இயலாக விரியும். ஏடு நூலகத்துக்குப் போவது அந்த இயலோடு.